மருந்தளவுக் கணக்கு: சூத்திரமா, ஓரலகு முறையா, அலகு வெட்டும் முறையா?

நர்சிங் முதலாம் ஆண்டில் மருந்தளவுக் கணக்கை ஒருவர் சூத்திரமாகச் சொல்லித் தருவார். வார்டில் இருக்கும் மூத்த செவிலியர் "ஒரு மி.லி.யில எவ்வளவு இருக்குன்னு பாரு, போதும்" என்பார். கையில் இருக்கும் பயிற்சித் தாளோ அலகுகளை எழுதி அடித்து அடித்துப் போடச் சொல்லும். மூன்றுமே சரியான வழிகள்தான், மூன்றிலும் ஒரே விடைதான் வரும். குழப்பம் எல்லாம் எதை முதலில் கற்பது, எந்த மருந்துக்கு எதைக் கையில் எடுப்பது என்பதில்தான்.

இங்கே வரும் டோஸ்கள் கணக்குப் பழகுவதற்கானவை. நோயாளிக்கு எவ்வளவு என்பதை மருத்துவரின் உத்தரவும் மருந்தோடு வரும் தாளும்தான் முடிவு செய்யும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்றிலும் பெருக்கலும் வகுத்தலும்தான். ஆகவே எது சுலபம் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, தவறிப் போட்டால் தவறு கண்ணில் படுமா? 3.6 வர வேண்டிய இடத்தில் 9000 வந்தால் ஆபத்து இல்லை, யாரும் அதைக் கொடுக்கப் போவதில்லை. 6.9 வந்தால்தான் ஆபத்து. இந்த ஒப்பீட்டில் அதிக எடை இதற்குத்தான்.

இரண்டாவது, மில்லிகிராமும் மைக்ரோகிராமும் கலந்து வந்தால் அந்த முறை தாங்குமா? மூன்றாவது, மாத்திரையில் தொடங்கி சிரிஞ்ச் பம்ப் வரை அதே முறை நீளுமா? நான்காவது, கால்குலேட்டர் இல்லாமல் படுக்கையருகே நின்று போட முடியுமா?

## சூத்திர முறை

வேண்டிய அளவை, கையிருப்பு மருந்தின் அளவால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் (அல்லது எத்தனை மாத்திரையில்) இருக்கிறதோ அதால் பெருக்குவது:

(வேண்டியது ÷ கையில் உள்ளது) × கொள்ளளவு

12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று உத்தரவு. 12 × 15 = 180 மி.கி. சிரப் பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இருக்கிறது.

(180 ÷ 250) × 5 = 3.6 மி.லி.

ஒரே வரியில் முடிகிறது. தேர்வில் பத்துக் கணக்கை வேகமாகப் போட இதை விட்டால் ஆள் இல்லை. ஆனால் இதே கணக்கிலேயே இதன் பலவீனமும் இருக்கிறது. பதற்றத்தில் மேலுள்ளதைக் கீழே போட்டுவிட்டால்:

(250 ÷ 180) × 5 = 6.9 மி.லி.

6.9 மி.லி. சிரப் என்பது யாருக்கும் உறுத்தாத எண். அதில் இருப்பது சுமார் 347 மி.கி.; கிலோவுக்கு 29 மி.கி., ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேண்டிய அளவும் கையிருப்பும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருக்கும்போதெல்லாம் சூத்திரம் இப்படித்தான் ஏமாற்றும். தலைகீழாகப் போட்டாலும் விடை நம்பும்படியாகவே இருக்கும்.

அடுத்தது அலகுச் சிக்கல். டிகாக்சின் 125 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது, மாத்திரை அட்டையில் 0.25 மி.கி. என்று இருக்கிறது. எண்களை அப்படியே சூத்திரத்தில் போட்டால் 125 ÷ 0.25 = 500 மாத்திரை. இது கண்ணில் பட்டுவிடும். முதலில் 0.25 மி.கி. = 250 மைக்ரோகிராம் என்று மாற்றிக்கொண்டு போட்டால் 125 ÷ 250 = அரை மாத்திரை. இந்த மாற்றம் சூத்திரத்துக்கு வெளியே நடக்கிறது. அதை நினைவூட்ட சூத்திரத்தில் எதுவும் இல்லை.

### சூத்திரமே சிறந்த இடம்: சொட்டுக் கணக்கு

பம்ப் இல்லாமல் ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலுக்கு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால் நான் சூத்திரத்தைத்தான் சொல்வேன்:

(மி.லி. × சொட்டுக் காரணி) ÷ நிமிடங்கள்

500 மி.லி. நார்மல் சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், ஐவி செட்டின் உறையில் 1 மி.லி.க்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. (500 × 20) ÷ 240 = 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு.

இதை இன்னும் சுருக்கலாம். மணிக்கு எத்தனை மி.லி. என்று தெரிந்தால், 20 சொட்டு செட்டுக்கு 3ஆல் வகுக்க வேண்டும், 15 சொட்டு செட்டுக்கு 4ஆல். 60 சொட்டு வரும் மைக்ரோ செட்டுக்கு வகுக்கவே வேண்டாம், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மேலே உள்ள கணக்கு மணிக்கு 125 மி.லி. 125 ÷ 3 போட்டால் அதே 42. மைக்ரோ செட்டில் போட்டால் நிமிடத்துக்கு 125 சொட்டு. அதை எண்ணவே முடியாது என்பதால் வேகமாகப் போக வேண்டிய திரவத்துக்கு அந்த செட் வேண்டாம்.

இங்கே தவறு கணக்கில் வருவதில்லை, உறையைப் பார்க்காமல் செட்டைப் பிரித்து மாட்டுவதில் வருகிறது. 15 சொட்டு என்று நினைத்து 31 சொட்டு வைத்திருக்கிறீர்கள், மாட்டியிருப்பது 20 சொட்டு செட். அப்போது மணிக்குப் போவது 93 மி.லி.தான். 4 மணி நேரத்தில் முடிய வேண்டிய பாட்டில் சுமார் 5 மணி 20 நிமிடம் எடுக்கும். பாட்டிலில் நாடா ஒட்டி மணிக்கு மணி அளவைக் குறித்து வைத்தால் முதல் மணி முடிவிலேயே இது தெரிந்துவிடும்.

## ஓரலகு முறை

"5 மி.லி.யில் 250 என்றால் 1 மி.லி.யில் எவ்வளவு?" நம் ஆறாம் வகுப்புக் கணக்குதான். விகிதம் எழுதிக் குறுக்குப் பெருக்கல் செய்வதும் (250 : 5 = 180 : ?) இதே குடும்பம்தான். ஆனால் குறுக்குப் பெருக்கலில் எந்த எண்ணை எங்கே எழுதுவது என்ற தடுமாற்றம் மீண்டும் வருகிறது. ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்பதில் அது இல்லை.

அதே பாராசிட்டமால்: 250 ÷ 5 = 50, அதாவது 1 மி.லி.யில் 50 மி.கி. வேண்டியது 180. மூன்று மி.லி.யில் 150 வந்துவிடும், நான்கில் 200. ஆக விடை 3க்கும் 4க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். 180 ÷ 50 = 3.6 மி.லி. தலைகீழாகப் போட்டிருந்தால் 50 ÷ 180 = 0.28. முன்பே 3க்கு மேல் என்று மனதில் இருப்பதால் அந்த 0.28 உடனே உறுத்தும். சூத்திரத்தில் ஒளிந்துகொண்ட தவறு இங்கே வெளியே வந்துவிடுகிறது. வாய்வழி மருந்துகளுக்கு இந்த முறையை நான் முதலில் வைப்பது இதனால்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. 1 மி.லி.யில் எவ்வளவு என்று கேட்கிற பழக்கம் லேபிளைப் படிக்க வைக்கும். பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் வருகிறது, 250 மி.கி. என்றும் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். 1 மி.லி.க்கு 25, 50, 100 என்று மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 125 சிரப்புக்குச் சரியான 7.2 மி.லி.யை சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் 720 மி.கி. போகும். அந்த 12 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 60 மி.கி., ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவு ஒரே வேளையில்.

### பொடி மருந்தில் வரும் மறைமுகச் செலவு

ஊசிக்கான பொடி மருந்தில் "எத்தனை மி.லி.யில்" என்ற எண் வயாலின் மேல் இருக்காது. அதை நாம்தான் உருவாக்குகிறோம். பொடியும் கரைந்த பிறகு இடம் பிடிக்கும். ஓரலகு முறையும் சூத்திரமும் ஒன்றுபோல் இடறுவது இங்கேதான்.

10 லட்சம் யூனிட் பென்சில்பெனிசிலின் வயால். பொடி 0.4 மி.லி. இடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தசையில் போட 1.6 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் சேர்த்தால் மொத்தம் 2 மி.லி., 1 மி.லி.யில் 5 லட்சம். 8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50,000 என்றால் 4 லட்சம் யூனிட், அதாவது 0.8 மி.லி.

"2 மி.லி. கரைசல் வேண்டும், ஆகவே 2 மி.லி. தண்ணீர்" என்று ஊற்றினால் மொத்தம் 2.4 மி.லி. ஆகிவிடும். அதில் 0.8 எடுத்தால் போவது 3.33 லட்சம்தான். ஆறில் ஒரு பங்கு மருந்து வயாலிலேயே தங்கிவிட்டது.

நரம்பில் போட 9.6 மி.லி. சேர்த்து 10 மி.லி.யாக்குவது வழக்கம். 1 மி.லி.க்கு 1 லட்சம், வேண்டியது 4 மி.லி. இங்கே தவறி 10 மி.லி. ஊற்றினாலும் போகும் அளவு 3.85 லட்சம், குறைவது நூற்றுக்கு நான்குதான். அதே 0.4 மி.லி., குறைந்த தண்ணீரில் பெரிய பிழை, அதிகத் தண்ணீரில் சின்னப் பிழை. எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் "இத்தனை மி.லி. சேர்த்தால் 1 மி.லி.க்கு இவ்வளவு" என்று இருக்கும், அந்த எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும். முழு வயாலையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதானால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

## அலகு வெட்டும் முறை

இயற்பியல் புத்தகத்தில் பரிமாணப் பகுப்பாய்வு என்று வருவதன் மருத்துவமனை வடிவம். ஒவ்வொரு எண்ணையும் அதன் அலகோடு பின்னமாக எழுத வேண்டும். மேலேயும் கீழேயும் வரும் ஒரே அலகை அடித்துவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது நாம் தேடிய அலகாக இருந்தால் அமைப்பு சரி.

டிகாக்சினை இதில் போட்டால்:

125 மைக்ரோகிராம் × (1 மி.கி. ÷ 1000 மைக்ரோகிராம்) × (1 மாத்திரை ÷ 0.25 மி.கி.) = 0.5 மாத்திரை

மைக்ரோகிராமிலிருந்து மி.கி.க்கு மாற்றுவது கணக்குக்குள்ளேயே நடக்கிறது. நடுவிலுள்ள படியை மறந்தால் மைக்ரோகிராமும் மி.கி.யும் அடிபடாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாராசிட்டமாலுக்கு இதைப் போடுவது பூசணிக்காய் நறுக்க அரிவாளைத் தீட்டுவது போல. எழுதும் நேரத்தில் ஓரலகு முறையில் இரண்டு கணக்கு முடிந்துவிடும்.

இது உண்மையில் தேவைப்படுவது பம்பில் ஓடும் மருந்துக்கு. 48 கிலோ நோயாளிக்கு டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். ஆம்பியூலில் 5 மி.லி.க்கு 200 மி.கி. 50 மி.லி. சிரிஞ்சில் ஒரு ஆம்பியூலையும் 45 மி.லி. சலைனையும் சேர்த்து 50 மி.லி.யாக்குகிறோம். பம்பில் மணிக்கு எத்தனை மி.லி. வைப்பது?

5 மைக்ரோகிராம் ÷ (கி.கி. × நிமிடம்)
× 48 கி.கி.
× (60 நிமிடம் ÷ 1 மணி)
× (1 மி.கி. ÷ 1000 மைக்ரோகிராம்)
× (50 மி.லி. ÷ 200 மி.கி.)
= மணிக்கு 3.6 மி.லி.

கிலோ அடிபட்டது, நிமிடம் அடிபட்டது, மைக்ரோகிராமும் மி.கி.யும் அடிபட்டன. மிஞ்சியது மி.லி.யும் மணியும். எடையை எழுத மறந்திருந்தால் கிலோ கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். 60ஐ மறந்திருந்தால் நிமிடம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதே கணக்குக்கு ஒரு குறுக்குச் சூத்திரமும் உண்டு: (டோஸ் × எடை × 60) ÷ 1 மி.லி.யில் உள்ள மைக்ரோகிராம். 5 × 48 × 60 ÷ 4000 = 3.6. பழகியவர்களுக்கு இது போதும். புதியவர்களுக்கு வேண்டாம் என்பேன், ஏனென்றால் அந்த 60 எதற்கு வந்தது என்று அது சொல்லாது. பல பயிற்சித் தாள்கள் நோயாளியின் எடையையும் 60 கிலோ என்றே வைத்துவிடும். இரண்டு 60இல் ஒன்றை விட்டுவிட்டு, எடையைப் பெருக்கியாயிற்றா, நிமிடத்தைப் பெருக்கியாயிற்றா என்று தெரியாமல் மாணவர்கள் விழிப்பது அதனால்தான். கணக்கு அமைப்பவர்கள் 48, 53 என்று எடை வைத்தால் அந்தத் தொல்லை இருக்காது.

வாய்வழி மருந்திலும் இந்த முறை கைகொடுக்கும் ஓரிடம் உண்டு. அமாக்சிசிலின் நாளுக்குக் கிலோவுக்கு 40 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து, குழந்தை 12 கிலோ, சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி. "நாள்", "வேளை" இரண்டையும் அலகாகவே எழுதுங்கள். 40 × 12 = நாளுக்கு 480 மி.கி.; (1 நாள் ÷ 3 வேளை) போட்டால் வேளைக்கு 160 மி.கி.; × (5 ÷ 125) = வேளைக்கு 6.4 மி.லி. "நாள்" அடிபடாமல் நின்றால் 19.2 மி.லி. வரும், அது மூன்று வேளை மருந்து.

இந்த முறையாலும் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. அலகு சரியாக இருந்து எண் தவறாக இருந்தால் எல்லாம் அழகாக அடிபட்டு, தப்பான விடை வரும். அதே டோபமினை 250 மி.லி. பாட்டிலில் 200 மி.கி. கலந்து ஓட்டினால் மணிக்கு 18 மி.லி. வைக்க வேண்டும். பாட்டிலை மாற்றி சிரிஞ்ச் போட்ட பிறகும் பழைய 18ஐயே பம்பில் விட்டுவிட்டால், நோயாளிக்குப் போவது கிலோவுக்கு நிமிடத்துக்கு 25 மைக்ரோகிராம், ஐந்து மடங்கு. கேஸ் ஷீட்டில் "18 மி.லி./மணி" என்று மட்டும் எழுதாமல், எத்தனை மி.கி. எத்தனை மி.லி.யில் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். சிரிஞ்சிலும் அதையே எழுதி ஒட்ட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | சூத்திரம் | ஓரலகு | அலகு வெட்டுதல் |
|---|---|---|---|
| தலைகீழ்ப் பிழை தெரியுமா | பல நேரம் தெரியாது | பெரும்பாலும் தெரியும் | தெரியும் |
| அலகு மாற்றம் | முன்பே செய்ய வேண்டும் | முன்பே செய்ய வேண்டும் | கணக்குக்குள்ளேயே |
| மனக்கணக்கு | சுமார் | நன்றாக வரும் | வராது, தாள் வேண்டும் |
| பம்ப் மருந்து | தனிச் சூத்திரம் மனப்பாடம் | படிப்படியாக நீளும் | இதற்கே ஆனது |
| பொருந்தும் இடம் | சொட்டுக் கணக்கு, தேர்வு | மாத்திரை, சிரப், ஒற்றை ஊசி | எடையும் நேரமும் வரும் மருந்து |

## யார் எதை எடுப்பது

அடுத்த வாரம் தேர்வு, கேள்விகள் மாத்திரையும் சிரப்பும்தான் என்றால் சூத்திரத்தைப் பழகுங்கள். ஆனால் விடை எழுதும் முன் "லேபிளில் உள்ள கொள்ளளவுக்கு மேலா, கீழா" என்று ஒரு முறை கேளுங்கள். வேண்டியது 180, பாட்டிலின் 5 மி.லி.யில் 250 என்றால் விடை 5க்குக் கீழேதான் இருக்க வேண்டும், 6.9 அங்கேயே அடிபட்டுவிடும்.

பொது வார்டுக்குப் போகிறவருக்கு ஓரலகு முறை. ஐசியூவுக்கோ பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கோ போகிறவர் அலகு வெட்டும் முறையை இப்போதே தொடங்குவது நல்லது. அது கைக்குப் பழக நாள் எடுக்கும்.

ஹெப்பாரின், இன்சுலின், டோபமின் போன்றவற்றுக்கு இருவர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒத்துப்பார்ப்பது வழக்கம். அப்போது இரண்டாமவர் வேறு முறையில் போட வேண்டும். ஒரே சூத்திரத்தில் இருவரும் போட்டால் ஒரே குழியில் இருவரும் விழ வாய்ப்பு உண்டு. முதலாமவரின் தாளைப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பே ஆகாது.

எழுதுவதில் ஒரு சின்ன ஒழுங்கு: .5 என்று எழுதாமல் 0.5 என்றும், 5.0 என்று எழுதாமல் 5 என்றும் எழுத வேண்டும். புள்ளி மங்கினால் முதலாவது 5 ஆகும், இரண்டாவது 50 ஆகும்.

## போட்டுப் பார்க்க

1. ஃபுரோசமைடு 30 மி.கி. நரம்பில். ஆம்பியூல் 2 மி.லி., 1 மி.லி.க்கு 10 மி.கி.
2. தைராக்சின் 0.075 மி.கி. மாத்திரை 25 மைக்ரோகிராம்.
3. 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் 6 மணி நேரத்தில், 20 சொட்டு செட்.
4. ஹெப்பாரின் மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட், எடை 55 கிலோ, 50 மி.லி. சிரிஞ்சில் 25,000 யூனிட்.

விடைகள்:

1. ஓரலகு முறையில் 30 ÷ 10 = 3 மி.லி. இரண்டு ஆம்பியூல் உடைக்க வேண்டும், 1 மி.லி. மிஞ்சும். "ஒன்றரை ஆம்பியூல்" என்று எழுதாமல் 30 மி.கி. என்றே பதிய வேண்டும்.
2. 0.075 மி.கி. = 75 மைக்ரோகிராம், 3 மாத்திரை. 30 என்றோ 0.3 என்றோ வந்தால் ஆயிரத்துக்குப் பதில் வேறு எண்ணால் பெருக்கியிருக்கிறீர்கள்.
3. மணிக்கு 83.3 மி.லி.; 3ஆல் வகுத்தால் 27.8, நிமிடத்துக்கு 28 சொட்டு. 15 விநாடிக்கு 7 சொட்டு என்று எண்ணிப் பார்க்கலாம்.
4. 18 × 55 = மணிக்கு 990 யூனிட். 1 மி.லி.யில் 500 யூனிட். 990 ÷ 500 = 1.98, பம்பில் மணிக்கு 2 மி.லி. 19.8 வந்திருந்தால் 25,000ஐ 2,500 என்று படித்திருக்கிறீர்கள்.